திறந்த பால் பெட்டியும் ஜூஸ் பெட்டியும் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்?

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் காலாவதி தேதி, மூடியைத் திறக்கும் வரைக்கும்தான் செல்லும். திறந்த பிறகு வேறு கணக்கு. அதையும் பெட்டியிலேயே பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்: திறந்தபின் குளிரில் வைத்து இத்தனை நாளுக்குள் முடிக்கவும் என்று. பெரும்பாலும் 3 முதல் 5 நாள் என்று இருக்கும். அது 3-ஆ 5-ஆ என்பதை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள். திறக்கும்போது உள்ளே எவ்வளவு கிருமி போனது, பெட்டி இருக்கும் இடத்தில் உண்மையான வெப்பநிலை என்ன. இந்த இரண்டையும் நம் வீட்டிலேயே கட்டுப்படுத்தலாம், ஓரளவு அளக்கவும் செய்யலாம்.

முதலில் ஒரு லிட்டர் யு.எச்.டி. பால் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நாள் கணக்கு அதில்தான் தெளிவாகப் புரியும். ஜூஸ் பின்னால் வருகிறது.

கையில் இருப்பது எந்தப் பால்?

கடையில் குளிரூட்டாத அலமாரியில் இருந்த பெட்டி என்றால் அது யு.எச்.டி. பால். காலியான பெட்டியை வெட்டிப் பார்த்தால் உட்புறம் பளபளவென்று அலுமினியத் தகடு தெரியும். இந்தப் பாலை 135 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நொடிகள் சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். திறக்கும் வரை உள்ளே பெருகக்கூடிய கிருமி எதுவும் இருக்காது. அதனால்தான் மாதக் கணக்கில் வெளியிலேயே நிற்கிறது.

குளிர் அலமாரியிலிருந்து எடுத்த பால் பெட்டி வேறு ரகம். அது பாஸ்டரைஸ் செய்த பால். வழக்கமான முறையில் 72 டிகிரியில் 15 நொடி. நோய் தரும் கிருமிகள் அதில் செத்துவிடும், ஆனால் வித்து வடிவில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். திறப்பதற்கு முன்பே அதன் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அச்சடித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் திறந்தால், திறந்தபின் ஐந்து நாள் என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. எது முதலில் வருகிறதோ அதுதான் கடைசி நாள்.

ஃபிரிட்ஜை முதலில் அளக்க வேண்டும்

ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் 1 முதல் 5 வரையிலான திருகு எண் வெப்பநிலை இல்லை. அது குளிரைக் கூட்டிக் குறைக்கும் நிலை மட்டும். சில மாடல்களில் முகப்பில் தெரியும் டிகிரி எண்ணும் நாம் வைத்த இலக்கைக் காட்டுமே தவிர, பால் இருக்கும் தட்டின் நிலையைக் காட்டாது. அதனால் ஒரு சாதாரண ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வேண்டும்.

ஒரு டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரின் முனை அதில் மூழ்கும்படி வைத்து, பால் வைக்கப்போகும் இடத்திலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காற்றில் அளந்தால் கதவைத் திறந்த நொடியிலேயே எண் எகிறிவிடும். தண்ணீரில் அளந்தால்தான் பாலின் உண்மையான நிலைக்குப் பக்கத்தில் வரும். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

அடுத்த நாள் அதே டம்ளரைக் கதவுத் தட்டில் வைத்துப் பாருங்கள். இந்த முறை காலையோடு நிறுத்தாமல் மாலையில், சமையல் மும்முரமாக நடந்து கதவு திரும்பத் திரும்பத் திறந்து மூடிய பிறகும் ஒருமுறை படியுங்கள். உள் தட்டைவிடக் கதவுத் தட்டு சில டிகிரி கூடுதலாகக் காட்டுவது வழக்கம். ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்கள் பால் பெட்டியின் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் கதவில் தட்டு அமைத்துக் கொடுக்கிறார்கள், ஆனால் பாலுக்கு அதைவிட மோசமான இடம் அந்த ஃபிரிட்ஜுக்குள் இல்லை. ஜூஸுக்கு அந்த இடம் போதும். பால் நடுத்தட்டிலோ கீழ்த்தட்டிலோ பின்பக்கமாக இருக்க வேண்டும். பின்சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் உறையாது, காற்றும் சுற்றிவரும்.

4-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம்

பால் பெட்டிக்குள் வெளியிலிருந்து போகும் கிருமிகளில் குளிரிலும் வளரக்கூடிய ஒரு கூட்டம் உண்டு. அவற்றில் முக்கியமானது சூடோமோனாஸ். தண்ணீர்க் குழாய், பாத்திரம் துடைக்கும் துணி, ஈரக் கை என்று ஈரம் உள்ள எல்லா இடத்திலும் இருக்கும். ஃபிரிட்ஜ் குளிர் இதைக் கொல்லாது, மெதுவாக்கும். தோராயமாக, 4 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 10 டிகிரியில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை.

ஒரு மில்லி பாலில் 10 கிருமி போனதாக வைத்துக்கொள்வோம். பாலின் ருசியும் தன்மையும் மாறுவது ஒரு மில்லிக்கு சுமார் ஒரு கோடி என்ற அளவை எட்டும்போது. பத்து ஒரு கோடியாக வேண்டுமென்றால் பத்து லட்சம் மடங்கு பெருக வேண்டும். பத்து முறை இரட்டித்தால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சம் மடங்கு. எட்டு மணிக்கு ஒருமுறை வீதம் இருபது முறைக்கு 160 மணி நேரம், அதாவது ஆறரை நாள். நான்கு மணிக்கு ஒருமுறை என்றால் 80 மணி, மூன்று நாளும் கொஞ்சமும்தான்.

இப்போது அதே பெட்டியை ஈரக் கையால் திறந்து, முனையில் விரல் பட்டு, ஒரு மில்லிக்கு 1000 கிருமியோடு தொடங்கியதாக வையுங்கள். ஒரு கோடியை எட்ட பதின்மூன்று இரட்டிப்பு போதும். 4 டிகிரியில்கூட 104 மணி, நாலே கால் நாள். 10 டிகிரியில் இரண்டு நாள் தாண்டியதும் முடிந்தது.

உண்மையில் கிருமிகள் புதிய இடத்துக்குப் பழகிக்கொள்ள முதலில் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் இந்த எண்கள் துல்லியமான கெடு இல்லை. ஆனால் பெட்டியில் ஏன் 3 முதல் 5 நாள் என்று போடுகிறார்கள் என்பது இதில் விளங்கும். நல்ல ஃபிரிட்ஜ், சுத்தமான கை இருந்தால் ஆறரை நாளில் கெடும் பாலை ஐந்தாம் நாளில் நிறுத்துகிறோம். கதவுத் தட்டில் வைப்பவர்களுக்கு மூன்றாம் நாளே எல்லை. ஐந்து நாளைத் தாண்டி ஏழு நாள் வரை இழுக்கலாம் என்று சொல்லும் பட்டியல்களும் உண்டு. 4 டிகிரியை அளந்து உறுதிசெய்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு.

திறக்கும் நாள்: படிப்படியாக

அதிகம் பேர் கோட்டை விடுவது திறப்பதற்கு முன்னாலேயே நடக்கும் ஒரு விஷயத்தில். வெளியில் 30 டிகிரியில் இருந்த பெட்டியைத் திறந்து, ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு மீதியை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பது. அட்டை வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஃபிரிட்ஜுக்குள் காற்றும் மெதுவாகத்தான் நகரும். ஒரு லிட்டர் பால் 30-லிருந்து 5 டிகிரிக்கு இறங்க ஓர் இரவு ஆகும். அந்த நேரம் முழுக்க, புதிதாக உள்ளே போன கிருமிகள் வெதுவெதுப்பில் பெருகும். முதல் நாளே பல இரட்டிப்புகள் முடிந்திருக்கும். ஆகவே திறக்கப்போகும் பெட்டியை முந்தின இரவே, திறக்காமல், ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். செலவில்லாத வேலை, ஒரு நாள் ஆயுளைக் கூட்டித் தரும்.

காலையில் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பெட்டியின் தலைப்பகுதி கிடங்கு, வண்டி, அலமாரி எல்லாம் சுற்றி வந்தது. அதைச் சுத்தமான ஈரத் தாளால் துடைத்து, உலர்ந்த தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் துடைக்கும் துணியை இதற்குத் தொடவே கூடாது. சமையலறையில் கிருமி அதிகம் குடியிருக்கும் பொருள் அதுதான்.

திருகு மூடி உள்ள பெட்டியில் முதல் திருகலிலேயே உள்ளே இருக்கும் வளையம் தகட்டை அறுத்துவிடும், விரல் பட வேலை இல்லை. மூடிக்குக் கீழே இழுக்கும் காது உள்ள ரகத்தில், காதைப் பிடித்து மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். பாதியில் கிழிந்துவிட்டால் விரலால் உள்ளே குத்தித் தள்ளாதீர்கள், கொதிநீரில் முக்கிய கத்தி முனையால் அறுத்து எடுங்கள். மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டும் பெட்டியை மீண்டும் மூட முடியாது. அதைக் கொதிநீர் ஊற்றி அலசி, கவிழ்த்து முழுக்க உலரவைத்த மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிடுவது நல்லது. கத்தரிக்கோலையும் அதே நீரில் முக்கி எடுக்க வேண்டும். திருகு மூடி உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம், அந்தப் பெட்டியைவிடச் சுத்தமான பாத்திரம் வீட்டில் கிடையாது.

ஊற்றியதும் முனையில் நிற்கும் சொட்டை உலர்ந்த தாளால் ஒற்றி எடுத்து, உடனே மூடி, உடனே உள்ளே வையுங்கள். அந்தச் சொட்டு காய்ந்து மஞ்சளாகப் படிவதைப் பல வீட்டு ஃபிரிட்ஜில் பார்க்கலாம். கிருமி முதலில் பெருகுவது அங்கேதான், அடுத்த முறை சாய்க்கும்போது புதிய பால் அதைக் கழுவிக்கொண்டு போகிறது.

பெட்டியில் எழுதும் குறிப்பில் திறந்த தேதியோடு கடைசி நாளும் இருக்க வேண்டும். "திங்கள் காலை திறந்தது, சனி காலை கடைசி" என்று அழியாத மார்க்கரால், மூடிக்குப் பக்கத்தில். திறந்த தேதியை மட்டும் எழுதினால் ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட வேண்டியிருக்கும், அவசரத்தில் யாரும் போட மாட்டார்கள்.

அதன்பின் இரண்டு விதிகள். ஊற்றிய டம்ளரில் மிஞ்சியதைத் திரும்பப் பெட்டிக்குள் ஊற்றக் கூடாது. பெட்டியில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது. வாயிலிருந்து போகும் கிருமி ஆயிரக் கணக்கைத் தாண்டும், மேலே சொன்ன நாலே கால் நாள் கணக்குக்கூட அதற்கு மிகை.

யு.எச்.டி. பாலில் மூக்கை நம்பாதீர்கள்

பால் கெட்டால் புளிக்கும், திரியும், முகர்ந்தால் தெரிந்துவிடும் என்பது காலகாலமாக நாம் பழகிய பாடம். அந்தப் புளிப்பைத் தருவது லாக்டிக் அமில பாக்டீரியா. யு.எச்.டி. பாலில் அது முழுக்க அழிந்துவிட்டது. திறந்தபின் குளிரில் வளர்வது பெரும்பாலும் சூடோமோனாஸ் வகை. அது அமிலம் அதிகம் உண்டாக்காது, புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். அதனால் இந்தப் பால் கெடும்போது முதலில் வருவது கசப்பு. பிறகு சோப்பு வாடை அல்லது பழைய எண்ணெய் வாடை. கடைசியில் புளிப்பே இல்லாமல் கூழ்போல் கெட்டிப்படும். புளிப்பு வாடைக்காகக் காத்திருப்பவர் கெட்ட பாலைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்.

சோதிக்கும் விதம் இது. பெட்டியைக் குலுக்காமல், சுத்தமான கண்ணாடி டம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி அளவு ஊற்றுங்கள். டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, பால் வழிந்து இறங்கும் பக்கத்தைப் பாருங்கள். நல்ல பால் ஒரே சீரான மெல்லிய படலமாக இறங்கும். கெடத் தொடங்கியது மணல் ஒட்டியதுபோல் சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுச் செல்லும். சந்தேகம் இருந்தால் அந்த அளவை ஒரு சின்னக் கரண்டியில் கொதிக்கவிடுங்கள். திரிந்து நீர் பிரிந்தால் முழுப் பெட்டியையும் கொட்டுங்கள். திரியாவிட்டால் நல்லது என்று அர்த்தம் இல்லை, கசப்பு வந்த பால் திரியாமலும் கொதிக்கும். மேலே வெண்ணெய்போல் மிதக்கும் மென்மையான கொழுப்புத் துகள் கெட்டதற்கு அடையாளம் இல்லை, குலுக்கினால் கலந்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், பாலின் நிறத்தையோ மணத்தையோ மாற்றாது. அதனால் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சோதனை செய்து நாளை நீட்டுவதே வேண்டாம். மூன்றாம் நாளோடு நிறுத்துங்கள்.

காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். உயிருள்ள கிருமிகள் சாகும். ஆனால் வித்துகள் சாகா, பேசில்லஸ் சீரியஸ் போன்றவை ஏற்கனவே உண்டாக்கிய வாந்தி நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது, வந்துவிட்ட கசப்பும் போகாது. புதிதாகத் திறந்த யு.எச்.டி. பாலைக் காய்ச்சி வைப்பதாலும் ஆயுள் கூடாது. கிருமியற்ற பெட்டியிலிருந்து எடுத்து, சுத்தமில்லாத பாத்திரத்தில் மணிக் கணக்கில் ஆறவிடுவதுதான் அதில் மிச்சம்.

ஜூஸ்: புளிப்பே காவல்

ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சை, அன்னாசி ஜூஸ்களின் பி.எச். அளவு பொதுவாக 3 முதல் 4 வரை. இந்தப் புளிப்பில் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. இதைக் கெடுப்பவை பெரும்பாலும் ஈஸ்டும் பூஞ்சையும்தான், குளிரில் அவையும் மெதுவாகத்தான் வளரும். அதனால் பாஸ்டரைஸ் செய்த புளிப்பு ஜூஸ் ஒரு வாரம் வரை நல்ல நிலையில் இருக்கும், சில சமயம் பத்து நாள்கூட. பெட்டியில் 3 நாள், 5 நாள் என்று போட்டிருந்தால் அதில் ருசியும் வைட்டமின் சி-யும் சேர்ந்த கணக்கு இருக்கிறது. திறந்ததும் காற்று உள்ளே போய் வைட்டமின் சி-யைக் குறைக்கும், நிறம் கருக்கும். குடித்தால் கெடுதல் இல்லை, வாங்கிய காசுக்கு உள்ள தரம் போய்விட்டது, அவ்வளவுதான். பாதி காலியானதும் கொதிநீரில் அலசிய சின்னப் பாட்டிலுக்கு, கழுத்துவரை நிரம்பும்படி மாற்றினால் காற்று குறைந்து நிறம் கூடுதல் நாள் நிற்கும். பாலுக்கு இது தேவையில்லை, ஜூஸுக்குப் பலன் உண்டு.

கெட்டதைக் கண்டுபிடிப்பது பாலைவிட எளிது. மூடியைத் திருகும்போது உஸ் என்று காற்று வெளியேறினால், பெட்டியின் பக்கங்கள் வெளியே உப்பியிருந்தால், நாக்கில் சுருக்கென்று சோடாபோல் ஏறினால் ஈஸ்ட் நொதிக்கத் தொடங்கிவிட்டது. மூடியைக் கழற்றி அதன் உட்புறத் திருகுவரிகளை வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை முதலில் அங்கேதான் சாம்பல் புள்ளியாகத் தெரியும். பூஞ்சை கண்ணில் பட்டால் மேலே எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடிக்கக் கூடாது, முழுவதையும் கொட்ட வேண்டும். அடியில் படியும் சதைத் துகள் கெட்டதல்ல.

எல்லா ஜூஸும் புளிப்பானது இல்லை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கேரட் ஜூஸ் கிட்டத்தட்டப் பால் அளவுக்கே புளிப்பற்றது. பி.எச். 4.6-க்கு மேல் இருக்கும் எதிலும் நரம்பைத் தாக்கும் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வழியுண்டு. 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் ஜூஸைக் குடித்தவர்களுக்கு அப்படித்தான் வந்தது, ஜூஸ் சரியான குளிரில் வைக்கப்படாததே காரணமாகச் சொல்லப்பட்டது. கேரட் ஜூஸ், காய்கறி ஜூஸ், பால் கலந்த பழ பானம், சோயா பால், பாதாம் பால், ஓட்ஸ் பால் எல்லாமே பால் கணக்கில்தான் வரும்: பின்தட்டு, 4 டிகிரி, அதிகபட்சம் ஐந்து நாள்.

வெளியில் மறந்துவிட்டால், மின்சாரம் போனால்

பால் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கொட்டிவிடுங்கள். அறை 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு காலையும் அரை மணி நேரம் மேசையில் நிற்கவிடும் வீட்டில் இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அரை மணியில் ஏறிய சூடு இறங்க ஃபிரிட்ஜுக்குள் சில மணி நேரம் ஆகும், தினமும் அப்படி நடந்தால் ஐந்து நாள் பால் நான்கு நாளாகச் சுருங்கும். டம்ளரில் ஊற்றி எடுத்துப் போங்கள், பெட்டி நகரக் கூடாது.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் டம்ளர் தண்ணீரில் உள்ள தெர்மாமீட்டர் சொல்வதுதான் தீர்ப்பு. 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் பால் போனது. புளிப்பு ஜூஸை மறுபடி குளிரவைத்துப் பயன்படுத்தலாம்.

ஐந்து நாளில் தீராது என்று தெரிந்தால்

அதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். நாலாம் நாள் மிச்சத்தை ஃப்ரீசரில் போடுவது, பெருகிய கிருமியை அப்படியே உறையவைப்பதுதான். திறந்ததும் தேவைப்படாத பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை மூடிய பையில் போட்டு வையுங்கள். பாட்டிலில் ஊற்றினால் மேலே எட்டில் ஒரு பங்கு இடம் காலியாக விட வேண்டும், உறையும்போது விரியும். உருகியதும் கொழுப்பு திரிதிரியாகப் பிரிந்து தெரியும், குடிக்க நன்றாக இருக்காது, சமையலுக்கும் மாவு பிசையவும் குறையில்லை. உருகவைப்பது ஃபிரிட்ஜுக்குள்தான். உருகிய பாலை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மறுபடி உறையவைக்க வேண்டாம்.